முட்டையில் இருப்பதைப் போத்தலில் விற்கிறார்கள்: "ஞாபக சக்தி" லெசித்தின் பற்றிப் பெற்றோருக்குச் சில வார்த்தைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆனால் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் அல்லது சாதாரண தரம் எழுதப்போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

நம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் இப்போது ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. சோயா லெசித்தின் கெப்சியூல், ஒன்று 1200 மில்லிகிராம், போத்தலில் 60. விளம்பரத்தில் மூன்று வரி. ஒன்று: "லெசித்தினில் கோலின் இருக்கிறது." இரண்டு: "கோலினில் இருந்துதான் மூளையின் ஞாபகப் பொருளான அசற்றைல்கோலின் உருவாகிறது, மூளைக் கலங்களின் சுவரும் உருவாகிறது." மூன்று: "ஆகவே தினம் ஒன்று கொடுங்கள், பிள்ளையின் ஞாபக சக்தி கூடும்."

முதல் வரி சரி. இரண்டாவது வரியும் பெரும்பாலும் சரி. நம் ஆட்கள் ஏமாறுவதற்குக் காரணமே அதுதான். வகுப்பில் விஞ்ஞானம் படித்த யாருக்கும் அந்த இரண்டு வரியும் கேட்ட மாதிரி இருக்கும். மூன்றாவது வரி முதல் இரண்டிலிருந்தும் பிறக்கவில்லை, பக்கத்தில் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. நடுவில் இருக்கிற "ஆகவே" என்ற ஒரு சொல்லை நம்பித்தான் பெற்றோர் காசைக் கொடுக்கிறார்கள். அந்த "ஆகவே" ஏன் நிற்காது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் கோலின் என்றால் என்ன என்று பார்ப்போம்.

லெசித்தின் என்ற பெயருக்கே முட்டை மஞ்சட்கரு என்றுதான் கருத்து. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொப்லி என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் முட்டை மஞ்சட்கருவில் இருந்து அதைப் பிரித்தெடுத்து, மஞ்சட்கருவுக்கான கிரேக்கச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார். கோலின் என்பது பித்தத்துக்கான கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. ஸ்ட்ரெக்கர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1862இல் அந்தப் பெயரை வைத்தார், அதைப் பித்தத்தில் கண்டதனால். ஒன்றின் பெயர் முட்டையில் இருந்து வந்தது, மற்றதன் பெயர் ஈரல் சுரக்கும் பித்தத்தில் இருந்து வந்தது. இந்த இரண்டையும் மனதில் வைத்திருங்கள். பதிவின் முடிவும் இந்த இரண்டு இடத்துக்குத்தான் வரும்.

கோலின் நம் உடம்புக்கு அத்தியாவசியமான ஒரு சத்து. அதில் எனக்கு விவாதமே இல்லை. உடம்பு கொஞ்சம் தானே செய்துகொள்ளும், அது போதாது, மிச்சம் சாப்பாட்டில் இருந்து வரவேண்டும். அமெரிக்க மருத்துவ நிறுவனம் 1998இல் இதற்கு நாளாந்த அளவு ஒன்றை வகுத்தது. வளர்ந்த ஆணுக்கு 550 மில்லிகிராம், பெண்ணுக்கு 425, ஒன்பது முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு 375. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2016இல் வளர்ந்தவர்களுக்கு 400 என்று வைத்தது. கிட்டத்தட்ட இந்த எல்லைக்குள்தான் நம் தேவை.

அப்படி உள்ளே போகிற கோலினுக்கு உடம்பில் பல வேலைகள் உண்டு. நமக்கு இங்கே முக்கியம் இரண்டு.

முதலாவது வேலை சுவர் கட்டுவது. உடம்பின் ஒவ்வொரு கலத்தையும் சுற்றி ஒரு மென்சவ்வு இருக்கிறது. அதைக் கட்டுகிற கல் பொஸ்போலிப்பிட். நம் பாடப்புத்தகத்தில் பொசுபோலிப்பிட்டு என்று இருக்கும். அதில் பல வகை உண்டு, நம் கல மென்சவ்வுகளில் அதிகமாக இருப்பது பொஸ்பட்டிடைல்கோலின். பெயர் நீளம் என்றாலும் அமைப்பு இலேசு. நடுவில் ஒரு கிளிசரோல், அதில் இரண்டு கொழுப்பமில வால், மறுபக்கம் ஒரு பொஸ்பேற்று, அந்தப் பொஸ்பேற்றின் நுனியில் ஒரு கோலின். வால் தண்ணீரை வெறுக்கும், தலை தண்ணீரை விரும்பும். அதனால் இவை இரண்டு வரிசையாக, வால் உள்ளே தலை வெளியே என்று தாங்களே அடுக்கிக்கொள்கின்றன. அதுதான் மென்சவ்வு.

கலம் இதை எப்படிச் செய்கிறது? கோலின் உள்ளே வந்ததும் ஒரு நொதியம் அதில் ஒரு பொஸ்பேற்றைப் பூட்டுகிறது. அடுத்த நொதியம் அதை சிற்றிடின் என்ற ஒரு காவியுடன் இணைக்கிறது. மூன்றாவது நொதியம் அதைக் கொண்டுபோய் இரண்டு கொழுப்பமிலம் உள்ள கிளிசரோலில் பொருத்துகிறது. அமெரிக்காவில் யூஜீன் கென்னடி 1950களில் இந்த வழியைக் கண்டுபிடித்தார், இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. இதில் நடுவில் இருக்கிற இரண்டாவது படிதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. கலத்துக்குச் சுவர் தேவைப்படும்போது அந்த நொதியம் வேலை செய்யும், தேவை முடிந்ததும் அடங்கிவிடும். கல் அதிகமாக வந்து இறங்கியது என்பதற்காக மேசன் வீட்டுக்கு இன்னொரு சுவர் கட்டமாட்டான். வீட்டுக்குத் தேவையான அளவுதான் கட்டுவான்.

இதே வேலையை ஈரல் இன்னொரு வழியிலும் செய்கிறது. வேறொரு பொஸ்போலிப்பிட்டை எடுத்து, அதில் மூன்று மெதைல் கூட்டங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கோலின் இல்லாமலே பொஸ்பட்டிடைல்கோலின் ஆக்கிவிடுகிறது. உடம்பு கொஞ்சம் தானே செய்துகொள்ளும் என்று மேலே சொன்னது இதைத்தான். பெண்களின் ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் இந்த வழியைக் கூட்டிவிடும். வயதுக்கு வந்த பெண்களுக்குக் கோலின் குறைபாடு ஆண்களை விடக் குறைவாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம்.

இப்போது ஒரு முக்கியமான கேள்வி. உண்மையாகவே கோலின் குறைந்தால் எங்கே தெரியும்? விளம்பரத்தை வாசித்தவர் "மூளையில், மறதியில்" என்று சொல்வார். பிழை. முதலில் தெரிவது ஈரலில், சிலருக்குத் தசையில். ஈரல் தன்னிடம் உள்ள கொழுப்பை வெளியே அனுப்பவேண்டும் என்றால் அதைச் சின்னச் சின்னப் பொதிகளாகக் கட்டிக் குருதிக்குள் விடவேண்டும். அந்தப் பொதியின் வெளி உறைக்குப் பொஸ்பட்டிடைல்கோலின் வேண்டும். உறை இல்லை என்றால் பொதி கட்ட முடியாது, கொழுப்பு ஈரலிலேயே தேங்கிவிடும். 1930களிலேயே கனடாவில் சார்ள்ஸ் பெஸ்ட், அதாவது இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்கெடுத்த அதே பெஸ்ட், விலங்குகளில் இதைக் காட்டினார். 1991இல் அமெரிக்காவில் ஸ்டீவன் சைசல் குழுவினர் சுகதேகியான ஆண்களுக்குக் கோலின் இல்லாத சாப்பாட்டைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். குருதியில் கோலின் குறைந்தது, ஈரல் பாதிக்கப்படுவதைக் காட்டுகிற நொதியம் உயர்ந்தது. கோலினைத் திருப்பிக் கொடுத்தால் இது சரியாகும். 1998இல் அந்த நாளாந்த அளவு வகுக்கப்பட்டதும் இந்த ஈரல் கணக்கை வைத்துத்தான். பரீட்சைப் புள்ளியை வைத்தோ ஞாபகத்தை வைத்தோ யாரும் அந்த எண்ணை எழுதவில்லை.

இனி இரண்டாவது வேலை, அசற்றைல்கோலின். விளம்பரத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கோ தசைக்கோ செய்தி அனுப்பும்போது நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியைத் தாண்டுவதற்கு ஒரு இரசாயனத்தை விடுகிறது. அதில் ஒன்றுதான் அசற்றைல்கோலின். 1921இல் ஒட்டோ லோவி தவளையின் இதயத்தை வைத்துச் செய்த பரிசோதனையில் இப்படி ஓர் இரசாயனம் இருக்கிறது என்று தெரியவந்தது. அதற்காக அவருக்கும் ஹென்றி டேலுக்கும் 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் அசற்றைல்கோலின் தேவை என்பது உண்மை. ஆனால் "ஞாபகப் பொருள்" என்று அதற்குப் பெயர் வைப்பது அநியாயம். நீங்கள் கையைத் தூக்குவதும் அதனால்தான், வாயில் எச்சில் ஊறுவதும், குடல் அசைவதும், இதயத் துடிப்பு மெதுவாவதும் அதனால்தான்.

நரம்பின் நுனிக்குள் இது தயாராகும் விதம் ஒரே படி. ஒரு கோலினும் ஓர் அசற்றைல் கூட்டமும் சேரவேண்டும். சேர்த்துவைப்பது கோலின் அசற்றைல்ற்றான்ஸ்பரேஸ் என்ற நொதியம். தயாரானது சிறு பைகளில் நிரப்பப்பட்டு, செய்தி வரும்போது வெளியே கொட்டப்படும். வெளியே வந்ததும் இன்னொரு நொதியம், கோலினெஸ்தரேஸ், ஒரு நொடியில் சின்னப் பங்குக்குள் அதை உடைத்துவிடும். உடைந்ததில் மீண்டும் கோலின் கிடைக்கும். அந்தக் கோலினில் பாதியளவை நரம்பே திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி பயன்படுத்தும். வீணாக்குவதில்லை.

கோலின் உள்ளே வருகிற இடத்தில் ஒரு படலை இருக்கிறது. கோலினை மட்டும் பிடித்து உள்ளே எடுக்கிற ஒரு விசேட புரதம். அசற்றைல்கோலின் எவ்வளவு வேகமாகத் தயாராகும் என்பதைப் பெரும்பாலும் இந்தப் படலைதான் தீர்மானிக்கிறது. இது கோலினை மிகவும் இறுக்கமாகப் பிடிக்கும் தன்மை உள்ளது. வெளியில் மிகக் கொஞ்சம் இருந்தாலே போதும், பிடித்து உள்ளே எடுத்துவிடும். சாதாரணமாகச் சாப்பிடுகிற ஒருவரின் குருதியில் இருக்கும் கோலின் அளவு, இந்தப் படலை பாதி வேகத்தில் ஓடுவதற்குத் தேவையான அளவை விடப் பல மடங்கு. குருதியில் இருந்து மூளைக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு படலை இருக்கிறது. அதற்கும் ஒரு வேக எல்லை உண்டு.

பஸ் நிலையத்தில் ஒரே ஒரு டிக்கட் கவுண்டர் திறந்திருக்கிறது என்று வையுங்கள். முன்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், கவுண்டரில் இருப்பவர் ஓயாமல் டிக்கட் வெட்டுகிறார். இப்போது வரிசையின் பின்னால் இன்னும் ஐந்து பேரைக் கொண்டுவந்து விட்டால் டிக்கட் வேகமாகப் போகுமா? வரிசை நீளும், அவ்வளவுதான். வரிசையில் ஆளே இல்லாமல் கவுண்டர் சும்மா இருந்தால்தான் ஆள் சேர்ப்பதில் பயன். சுகமாக இருந்து மூன்று வேளை சாப்பிடுகிற பிள்ளையின் மூளையில் அந்தக் கவுண்டர் சும்மா இருப்பதில்லை. விளம்பரத்தில் உள்ள "ஆகவே" உடைகிற முதல் இடம் இதுதான்.

சிலர் கேட்கலாம், "எப்படியாவது அசற்றைல்கோலினைக் கூட்டிவிட்டால் நல்லதுதானே?" என்று. இதற்குப் பதில் வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் தேடத் தேவையில்லை. நம் வயல் பக்கத்து ஆட்களைக் கேளுங்கள். ஓர்கனோபொஸ்பேற்று வகைப் பூச்சிமருந்து அடிக்கும்போது உடம்பில் பட்டவருக்கு என்ன நடக்கும்? வாயால் எச்சில் வடியும், கண்ணீர் கொட்டும், வியர்வையில் குளிப்பார், தசைகள் துடிக்கும், மூச்சுத் திணறும். அந்த மருந்து செய்வது ஒரே வேலை: கோலினெஸ்தரேசைக் கட்டிப்போடுகிறது. அசற்றைல்கோலின் உடையாமல் கூடிக்கொண்டே போகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டர் அட்ரோபின் ஏற்றுவது அந்த மிஞ்சிய அசற்றைல்கோலினின் வேலையைத் தடுக்கத்தான். லெசித்தின் கெப்சியூல் இப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை, செய்யாது. நான் சொல்வது, இது கூடக்கூட நல்லது என்ற வகைப் பொருள் அல்ல. அளவோடு விட்டு, உடனே உடைத்து, மறுபடி விடவேண்டிய பொருள். உடம்பு இத்தனை படலைகளை வைத்திருப்பதே அதற்காகத்தான்.

சரி, போத்தலுக்கு வருவோம். அதற்குள் என்ன இருக்கிறது?

சோயா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அதில் கொஞ்சம் தண்ணீர் சேர்ப்பார்கள். பிசின் போல ஒன்று திரண்டு பிரியும். எண்ணெய் தெளிவாக இருக்கவேண்டும் என்பதற்காக அதை எடுத்துவிடுவார்கள். அந்தப் பிசினை உலர்த்தினால் கடையில் விற்கிற லெசித்தின். சொக்லட்டிலும் மாஜரினிலும் போடுவது இதைத்தான். நல்ல பொருள், தீங்கில்லாத பொருள். ஆனால் விலை ஏறுவது போத்தலுக்குள் போனபிறகுதான்.

இப்போது கணக்கு. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையே செய்யக்கூடிய கணக்கு.

லெசித்தின் என்பது தனிப் பொருள் அல்ல, கலவை. அதில் எண்ணெய் இருக்கிறது, வேறு பொஸ்போலிப்பிட்டுகள் இருக்கின்றன. நமக்கு வேண்டிய பொஸ்பட்டிடைல்கோலின் சாதாரண சோயா லெசித்தினில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். 1200இல் ஐந்தில் ஒரு பங்கு 240 மில்லிகிராம். அந்தப் பொஸ்பட்டிடைல்கோலினும் முழுவதும் கோலின் அல்ல. அதன் பாரத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு கொழுப்பமில வால். கோலின் 100க்கு 13 பங்குதான். 240இல் 13 வீதம், ஏறத்தாழ 31 மில்லிகிராம். 1200 என்று பெரிய எழுத்தில் போட்ட கெப்சியூலில் இருக்கிற கோலின் இவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளையின் நாளாந்த அளவான 375இல் பன்னிரண்டில் ஒரு பங்கு.

செறிவு கூடிய வகை என்று சொல்லி 35 வீதம் பொஸ்பட்டிடைல்கோலின் உள்ளதை வாங்கினாலும் 55 மில்லிகிராம் அளவுக்குத்தான் வரும்.

இதோடு ஒரு முட்டையை வைத்துப் பாருங்கள். 50 கிராம் அளவான ஒரு பெரிய முட்டையில் 147 மில்லிகிராம் கோலின் இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாம் மஞ்சட்கருவில். நம் கடை முட்டை சிறிது என்று 125 ஆகவே எடுத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு முட்டை நான்கு கெப்சியூலுக்குச் சமம். 60 கெப்சியூல் உள்ள போத்தல் முழுவதும் சேர்த்து 1860 மில்லிகிராம், அதாவது பதினைந்து முட்டை. போத்தல் 6000 ரூபாய் என்றும் முட்டை 40 ரூபாய் என்றும் வைத்தால், 600 ரூபாய்ச் சத்துக்கு 6000 கொடுக்கிறீர்கள். உங்கள் ஊர் விலையை நீங்களே போட்டுப் பாருங்கள். எந்த விலையைப் போட்டாலும் முட்டை தோற்பது கஷ்டம். அதோடு முட்டையில் புரதமும் இரும்பும் விற்றமினும் இலவசமாக வருகிறது.

எனக்குக் கோபம் வருவதும் இந்த இடத்தில்தான். போத்தலுக்குக் காசு சேர்க்க வீட்டில் முட்டையைக் குறைக்கிற உம்மாமார் இருக்கிறார்கள். பிள்ளையின் தட்டில் இருந்து 125 மில்லிகிராமை எடுத்துவிட்டு 31 மில்லிகிராமைக் கெப்சியூலாக விழுங்கக் கொடுக்கிறோம். ஞாபக சக்திக்கு என்று நினைத்துக் கோலினையே குறைத்துவிடுகிறோம்.

"கணக்கை விடுங்கள், பலன் கிடைத்தால் போதும்" என்பவர்களுக்காக, இதை மனிதர்களில் செய்து பார்த்த கதையையும் சொல்கிறேன்.

1970களில் அல்சைமர் என்ற முதுமை மறதி நோயில் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, மேலே சொன்ன கோலின் அசற்றைல்ற்றான்ஸ்பரேஸ் மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. உடனே பலருக்கு இதே "ஆகவே" தோன்றியது: அசற்றைல்கோலின் குறைவு, ஆகவே மூலப்பொருளைக் கொடுப்போம். அது முட்டாள்தனமான யோசனை அல்ல. பார்க்கின்சன் நோயில் டோபமினின் மூலப்பொருளைக் கொடுத்துப் பெரிய பலன் கிடைத்திருந்தது. லெசித்தின் சாப்பிட்டால் குருதியில் கோலின் உயரும் என்பதும் அளந்து பார்க்கப்பட்டிருந்தது. அதனால் ஒழுங்கான பரிசோதனைகள் நடந்தன.

அதில் 1985இல் லண்டனில் நடந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். 51 நோயாளிகள். ஒரு பகுதியினருக்குத் தினம் 20 முதல் 25 கிராம் லெசித்தின், அதுவும் 90 வீதம் பொஸ்பட்டிடைல்கோலினாகச் சுத்திகரித்தது. மற்றவர்களுக்கு அதைப் போன்ற வெறும் பொருள். ஆறு மாதம் கொடுத்தார்கள். கோலினாகப் பார்த்தால் நாளைக்கு இரண்டரை கிராமுக்கு மேல். நம் கெப்சியூலைப் போல எண்பது மடங்கு. முடிவில் மொத்தமாக இரு பகுதியினருக்கும் வித்தியாசம் இல்லை. வயது கூடிய ஒரு சிறு பிரிவினரில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது என்று அவர்கள் எழுதினார்கள், ஆனால் அந்தப் பிரிவினர் மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்கள். அதை வைத்து யாரும் சட்டம் போட முடியாது.

பிறகு கொக்ரேன் அமைப்பினர் இப்படியான பன்னிரண்டு பரிசோதனைகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். அல்சைமரிலும் பார்க்கின்சன் மறதியிலும் தெளிவான பலன் எதுவும் இல்லை. நோய் இல்லாமல் "மறதியாக இருக்கிறது" என்று சொன்னவர்களில் நடந்த ஒரு பரிசோதனையில், வெறும் பொருளை எடுத்தவர்களை விட லெசித்தின் எடுத்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள்.

ஏன் தோற்றது? கோலின் போதாமல் அந்த மூளை வாடவில்லை. கோலினை எடுத்து அசற்றைல்கோலின் செய்கிற கலங்களே செத்துக்கொண்டிருந்தன. சமையற்காரன் இல்லாத குசினியில் அரிசி மூட்டையை அடுக்கி என்ன பலன்? பின்னால் வந்த டொனெபெசில் போன்ற மருந்துகள் வேறு படியைப் பிடித்தன. உடைக்கிற கோலினெஸ்தரேசை அளவோடு மெதுவாக்கின. அவை ஓரளவு வேலை செய்வதால் இன்றும் டொக்டர்மார் எழுதுகிறார்கள். லெசித்தினை அதற்காக எழுதுவதில்லை.

நோயாளியிலேயே எண்பது மடங்கில் வேலை செய்யாத ஒன்று, சுகமாக இருக்கிற பத்து வயதுப் பிள்ளையில் ஒரு மடங்கில் வேலை செய்யும் என்று சொல்பவர் அதற்கு ஆதாரம் காட்டவேண்டும். விற்பவர்தான் காட்டவேண்டும். வாங்குபவர் "இல்லை" என்று நிரூபிக்கத் தேவையில்லை.

நியாயமாகப் பேசவேண்டும் என்றால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கோலின் கூடுதலாகத் தேவைப்படுகிற ஆட்கள் இருக்கிறார்கள். முதலாவது கர்ப்பிணித் தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும். வயிற்றில் உள்ள பிள்ளை புதிய கலங்களைக் கட்டிக்கொண்டே இருப்பதனால் தாயிடம் இருந்து கோலின் போய்க்கொண்டே இருக்கும். அமெரிக்கக் கணக்கில் கர்ப்பிணிக்கு 450, பாலூட்டுபவருக்கு 550. 2018இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தினர் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் 26 தாய்மாருக்கு நாளைக்கு 480 அல்லது 930 மில்லிகிராம் கோலின் கொடுத்தார்கள். கூடக் கிடைத்தவர்களின் குழந்தைகள் பார்த்ததற்குக் கொஞ்சம் வேகமாகப் பதில் காட்டினார்கள். நல்ல செய்திதான், ஆனால் 26 பேர் என்பது நம் பாடசாலையில் ஒரு வகுப்பு. அதோடு அது கர்ப்பத்தில் கொடுத்த கோலின். பத்து வயதில் விழுங்கிய லெசித்தின் அல்ல. இதைக் காட்டி அதை விற்பது சரியல்ல.

இரண்டாவது, வாயால் சாப்பிட முடியாமல் நாளமூலம் மட்டுமே உணவு ஏற்றப்படுகிற நோயாளிகள். அவர்களுக்கு ஈரலில் கொழுப்பு தேங்கும். 1992இல் வந்த ஓர் ஆய்வில் அப்படியானவர்களுக்கு லெசித்தின் கொடுத்தபோது ஈரல் கொழுப்பு குறைந்தது. பாருங்கள், லெசித்தின் உண்மையாக வேலை செய்த இடம் எது என்று. குறைபாடு இருந்த இடம், அதுவும் ஈரல். கவுண்டர் சும்மா இருந்த இடத்தில் ஆள் சேர்த்தார்கள், பலன் கிடைத்தது.

இன்னொரு விளம்பரம், "லெசித்தின் கொழுப்பைக் கரைக்கும், இதயக் குழாய் அடைப்பை நீக்கும்" என்று வாப்பாமாரைக் குறிவைக்கிறது. கோப்பைத் தண்ணீரில் எண்ணெயை ஊற்றி லெசித்தின் போட்டுக் கலக்கிக் காட்டுகிற வீடியோவும் வருகிறது. கோப்பையில் நடப்பது உண்மை. ஆனால் லெசித்தின் விழுங்கியபடியே குழாய்க்குப் போவதில்லை. சிறுகுடலில் நொதியம் அதன் ஒரு வாலை வெட்டிவிடும், வெட்டிய துண்டுகள் உறிஞ்சப்பட்டுப் பிறகு உடம்பின் தேவைக்கு ஏற்பத் திரும்பக் கட்டப்படும். மாட்டிறைச்சி சாப்பிட்டவருக்கு மாட்டுத் தசை முளைப்பதில்லை, அதே கதைதான். டொக்டர் தந்த கொலஸ்ட்ரோல் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை எடுக்கிறவர் உயிரோடு விளையாடுகிறார்.

"தீங்கில்லைதானே, கொடுத்துப் பார்த்தால் என்ன?" என்பதற்கும் பதில் இருக்கிறது. கெப்சியூல் அளவில் பெரிய தீங்கில்லை, சிலருக்கு வயிறு குழம்பும். மிக அதிகமாகக் கோலின் எடுத்தால் குடல் பக்றீரியா அதை உடைப்பதனால் உடம்பில் மீன் வாடை வரும், அதே வழியில் உருவாகும் ஒரு பொருளுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று இன்னும் ஆராய்கிறார்கள். உண்மையான தீங்கு மூன்று. காசு போகிறது. தட்டில் இருந்து முட்டை போகிறது. மூன்றாவது, கவனம் சிதறுகிற பிள்ளைக்குக் கண் பார்வைக் குறையோ, இரும்புச் சத்துக் குறைவோ, தூக்கமின்மையோ இருக்கலாம். போத்தல் முடியும் வரை பார்ப்போம் என்று இரண்டு மாதம் கண் டொக்டரிடம் போகாமல் விடுகிறோம்.

இனி இப்படி ஏதாவது உங்களிடம் வந்தால் போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே லெசித்தின் எத்தனை என்று மட்டும் இருந்தால் அது உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பொஸ்பட்டிடைல்கோலின் எத்தனை என்று இருந்தால் அதில் 13 வீதம் எடுங்கள். கோலின் எத்தனை என்று இருந்தால் நேரே முட்டையோடு ஒப்பிடுங்கள். முன்பக்கத்து எண் எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். "ஹலால் சோயா" என்று எழுதியிருந்தாலும் மென்மையான கெப்சியூலின் உறை ஜெலட்டின், அது எந்த விலங்கினது என்று கேளுங்கள். சோயா ஹலால் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை, கேள்வி உறையில்தான்.

தட்டுக்கு என்ன வைப்பது? காலையில் ஒரு முட்டை, மஞ்சட்கருவோடு. ஹஜ்ஜுப் பெருநாளன்று ஆக்குகிற மாட்டு ஈரல் 85 கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல் கோலின் இருக்கிறது, ஒரு நாள் தேவை கிட்டத்தட்ட அதோடு முடிகிறது. தினமும் ஈரல் தேவையில்லை. கோழி, மீன், பால், சோயா, பயறு வகைகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இவற்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் சமாளிக்கலாம். மீனும் முட்டையும் இறைச்சியும் எதுவுமே சாப்பிடாத கர்ப்பிணிகள் கிளினிக்கில் டொக்டரிடம் கோலின் பற்றிக் கேளுங்கள். அது நியாயமான கேள்வி.

விற்கிற சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் நல்ல எண்ணத்தில்தான் விற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கு மேலே இருப்பவர் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். சத்துப்பொருள் என்று விற்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் பிள்ளையின் பரீட்சைப் பயத்தைப் பிடித்து "ஞாபக சக்தி கூடும்" என்று சொல்லி விற்கும்போது, உங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லி விற்கிறீர்கள். பொருளில் உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பதுதான் நம் மார்க்கம் சொல்கிற வியாபாரம். அடுத்த விளம்பரத்தில் "ஒரு கெப்சியூலில் கோலின் 31 மில்லிகிராம், முட்டையில் கால்வாசி" என்று எழுதிப் போடுங்கள். அதற்குப் பிறகும் வாங்குகிறவர் வாங்கட்டும்.

கொமெண்டில் "நீங்கள் என்ன டொக்டரா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே: இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியர். வீத கணக்குப் போட டொக்டராக இருக்கத் தேவையில்லை. என் கணக்கில் பிழை இருந்தால் எண்ணோடு வந்து காட்டுங்கள், பேசுவோம். "எங்கள் பிள்ளைக்குப் பலன் கிடைத்தது" என்றால், அந்த மாதத்தில் பிள்ளையோடு எத்தனை நாள் கூட இருந்து படிப்பித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

விளம்பரம் வந்த அதே குழுக்களில் இதையும் போட்டுவிடுங்கள்.